ஒரு நடவு வயலின் ஐந்து நிறங்கள்

தஞ்சைப் பக்கம் நடவு சமயத்தில் எடுத்த படம் அது. முன்னால், இன்னும் பறிக்காத நாற்றங்கால் இளம்பச்சையாகப் படத்தின் பாதியை அடைத்திருக்கிறது. அதை ஒட்டிச் சேறு கலங்கிய தண்ணீர். வரப்புக்கு அப்பால் கரும்பச்சையாக ஒரு தென்னந்தோப்பு. மேலே மூட்டம் போட்ட வெளிறிய வானம். நடுவே, குனிந்து நாற்று நடுகிற ஒரு பெண்ணின் சிவப்புச் சேலை. படத்தை யாரிடம் காட்டினாலும் அவர் கண் முதலில் போய் நிற்பது அந்தச் சேலையில்தான்.

படத்தை எடுத்தவர் என் நண்பர். மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை போன்ற மரபு அரிசிகளை வாங்கி விற்பவர். விற்பனைக்கு ஓர் இணையதளமும், கண்காட்சி ஒன்றில் பேசுவதற்கு ஸ்லைடுகளும் அவருக்குத் தேவைப்பட்டன. "இந்தப் படத்துல இருக்கிற கலரையே வச்சுப் பண்ணிக் குடுங்க" என்றார். நல்ல யோசனைதான். இயற்கை வெளிச்சத்தில் ஒன்றாக நிற்கிற நிறங்கள் மேல் ஒரே ஒளி விழுந்திருக்கிறது. அதனால் அவற்றுக்குள் ஏற்கெனவே ஓர் உறவு இருக்கிறது. பெட்டியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிறம் எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

படத்தைக் கொடுத்தால் நிறங்களைப் பிரித்துத் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படி ஒன்றில் படத்தை ஏற்றினோம். வந்தவை: இரண்டு பச்சை, பச்சை கலந்த ஒரு சாம்பல், ஒரு மண் நிறம், ஒரு வெளிர் சாம்பல். பார்க்க அமைதியாக இருந்தன. ஆனால் நண்பர் கேட்ட முதல் கேள்வி: "சேலை எங்க?"

சேலை ஏன் காணாமல் போனது என்பதைப் புரிந்துகொண்டால், இந்த வேலையில் பாதி புரிந்தது மாதிரி.

கணினிக்குப் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். சாதாரண செல்போன் படத்தில் ஒரு கோடிக்கு மேல் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை. இந்த மூன்று எண்களை நீளம், அகலம், உயரம் என்று எடுத்துக்கொண்டால், படத்தின் அத்தனை புள்ளிகளையும் ஒரு பெட்டிக்குள் அதனதன் இடத்தில் வைத்துவிடலாம். இளம்பச்சைப் புள்ளிகள் ஒரு மூலையில் குவியும்; வானத்தின் புள்ளிகள் வேறொரு மூலையில் குவியும்.

இதிலிருந்து சில நிறங்களை மட்டும் தேர்ந்தெடுப்பதற்கு 1982-இல் பால் ஹெக்பர்ட் ஒரு வழியை வெளியிட்டார். ஒரு சமயத்தில் 256 நிறங்களை மட்டுமே காட்ட முடிந்த திரைகள் அன்று பரவலாக இருந்தன. முழு நிறப் படத்தை அந்த 256-க்குள் அடக்குவது அவருடைய பிரச்சினை. அவர் வழி எளிமையானது. பெட்டிக்குள் புள்ளிகள் எந்தத் திசையில் அதிகம் பரவியிருக்கின்றனவோ அந்தத் திசையில் வெட்டு. இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் புள்ளிகள் இருக்கும்படி வெட்டு. கிடைத்த இரண்டு பெட்டிகளையும் இதேபோல் மறுபடி வெட்டு. வேண்டிய அளவு பெட்டிகள் கிடைத்ததும் நிறுத்தி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருக்கிற புள்ளிகளின் சராசரியை அந்தப் பெட்டியின் நிறமாக எடுத்துக்கொள். மீடியன் கட் என்று இதற்குப் பெயர். இன்றைய நிறம் பிரிக்கும் கருவிகள் பலவற்றில் இந்த முறையோ இதன் வாரிசுகளோதான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

'சம எண்ணிக்கையில்' என்கிற அந்த இடத்தில்தான் சேலை தொலைகிறது. எட்டுப் பெட்டிகளாக வெட்டினால், ஒவ்வொன்றிலும் மொத்தப் புள்ளிகளில் எட்டில் ஒரு பங்கு இருக்கும். எங்கள் படத்தில் சேலை அடைத்திருக்கும் இடமோ நூற்றில் ஒரு பங்குதான். அதற்குத் தனிப் பெட்டி கிடைக்காது. பச்சைகளைவிடச் சேற்றுத் தண்ணீரில் சிவப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால், அந்தக் கூட்டத்தோடு சேலை சேர்ந்துவிடும். கணக்குப் போட்டே பார்க்கலாம். சேற்றின் எண்கள் 140, 123, 102. சேலையின் எண்கள் 179, 38, 58. பெட்டியில் நூற்றுக்கு எட்டுப் புள்ளிகள் சேலை, மீதி சேறு என்றால் சராசரி 143, 116, 98. கண் முதலில் தேடிப்போன சிவப்பு, சேற்றை லேசாகச் செம்மண் பக்கம் சாய்த்ததோடு சரி.

கருவி தப்புச் செய்யவில்லை. எந்த நிறம் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அது எண்ணுகிறது, அவ்வளவுதான். நம் கண் இடத்தை எண்ணுவதில்லை. சுற்றியிருப்பதிலிருந்து எது மாறுபடுகிறதோ அதைத் தேடுகிறது. இதைத் தெரிந்து வைத்திருக்கிற கருவிகளும் உண்டு. அடோபி கலர் தளத்தில் `Extract Theme` பகுதிக்குப் போனால் `Colorful`, `Muted`, `Dark` என்று தேர்வுகள் இருக்கும். `Colorful` என்று மாற்றினால், பரப்பில் சிறியதாக இருந்தாலும் அடர்த்தியான நிறங்களுக்கு முன்னுரிமை கிடைக்கும். படத்தின் மேல் தெரிகிற சின்ன வட்டங்களை நாமே இழுத்து, வேண்டிய இடத்தில் வைக்கவும் அது விடுகிறது.

எனக்குப் பிடித்த வழி இன்னும் நேரடியானது. முழுப் படத்தை ஒரு முறை கொடுத்துப் பின்னணி நிறங்களை எடுத்துக்கொள்வேன். பிறகு கண் போய் நிற்கும் இடத்தை மட்டும் வெட்டி, அதைத் தனிப் படமாக மறுபடி கொடுப்பேன். சேலையை மட்டும் வெட்டிக் கொடுத்தபோது ஒன்றுக்கு மூன்று சிவப்பு வந்தது. முதுகில் வெளிச்சம் பட்ட இடம் கொஞ்சம் ரோஜா நிறமாக வெளிறியிருந்தது. மடிப்புகளின் நிழல் அரக்காக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் துணியின் சொந்த நிறம். அந்த நடு நிறத்தைத்தான் எடுக்க வேண்டும். வெளிச்சம் பட்டதை எடுத்தால் ஸ்லைடில் சோகை பிடித்ததுபோல் தெரியும். நிழலை எடுத்தால் சிவப்பென்றே யாரும் சொல்ல மாட்டார்கள்.

கையால் எடுப்பவர்கள் ஐட்ராப்பரைப் படத்தின் மேல் வைத்து ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டு, வந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு புள்ளியை நம்பக்கூடாது. செல்போன் படத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளே ஒன்றுக்கொன்று கணிசமாக மாறியிருக்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் படத்தை முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே சிவப்பாகத் தெரிந்த துணிக்குள் பழுப்பும் ஊதாவும் பொரிப்பொரியாக இருக்கும். போட்டோஷாப்பில் ஐட்ராப்பருக்கு `5 by 5 Average` என்று ஓர் அமைப்பு உண்டு. கிம்ப் மென்பொருளில் `Sample average`. அதை வைத்துக்கொண்டால் ஒரு புள்ளிக்குப் பதில் சுற்றியுள்ள சின்னச் சதுரத்தின் சராசரி கிடைக்கும். துணியின் ஓரத்தைத் தொடாமல் உள்ளே தள்ளி எடுப்பதும் முக்கியம். கோப்பைச் சிறிதாக்குவதற்காக ஜேபெக் வடிவம், வெளிச்சத்தைக் காட்டிலும் நிறத்தைப் பெரும்பாலும் குறைந்த நுணுக்கத்தோடுதான் சேமித்து வைக்கிறது. அதனால் சேலையின் விளிம்பில் இருக்கும் புள்ளிகளில் பக்கத்துப் பச்சை கொஞ்சம் கசிந்திருக்கும்.

இப்படி எடுத்துச் சேர்த்தபோது எங்கள் கையில் ஐந்து நிறங்கள் இருந்தன. வானம் `#E4E9E6`, தோப்பு `#24401F`, நாற்று `#7FA33A`, சேறு `#8C7B66`, சேலை `#B3263A`. கணினியில் நிறத்தைக் குறிப்பிட இந்த ஆறு எழுத்துக் குறியீடு போதும். முன்பு சொன்ன மூன்று எண்கள்தான் இதில் வேறு வடிவில் எழுதப்பட்டிருக்கின்றன.

எடுத்த கையோடு ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். சேலையின் நிறத்தை வெள்ளை ஸ்லைடில் ஒரு கட்டமாகப் போட்டுக் காட்டினால், "படத்துல இதைவிடப் பளிச்னு இருந்துச்சே" என்பார்கள். நண்பரும் சொன்னார். எண் ஒன்றேதான், மாறியது பக்கத்தில் இருப்பது. பாரிஸில் கோப்லான் அரசு நெசவாலையின் சாயப் பிரிவை நிர்வகித்தவர் வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல். அவரிடம் வந்த புகார்களில் ஒன்று, அங்கே போடும் கறுப்புச் சாயத்தில் அடர்த்தி போதவில்லை என்பது. சோதித்துப் பார்த்தபோது சாயத்தில் குறையில்லை, அந்த நூலுக்குப் பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை வெளிறச் செய்கின்றன என்று கண்டுகொண்டார். நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்று ஆராய்ந்து 1839-இல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். பச்சைக்கு நடுவில் வைத்த சிவப்பு, இருப்பதைவிடக் கூடுதல் சிவப்பாகத் தெரியும். வயலில் சேலைக்குக் கிடைத்த அந்தப் பச்சை, வெள்ளை ஸ்லைடில் இல்லை.

இதைச் சரிசெய்யச் சிவப்பின் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். கூட்டிய சிவப்பு மற்ற நான்கோடு ஒட்டாது; கடையில் வாங்கிய ரிப்பன் மாதிரி தனியாக நிற்கும். அதற்குப் பதில் படத்தில் இருந்த விகிதத்தைக் காப்பாற்றுங்கள். சேலை நூற்றில் ஒரு பங்கு இடம்தான் எடுத்திருந்தது, அதனால்தான் கண்ணைப் பிடித்தது. ஸ்லைடிலும் அது அதே அளவு சிக்கனமாக வரட்டும்: ஒரு எண், ஒரு பொத்தான், ஒரு கோடு. சிவப்புத் தலைப்பு, சிவப்புக் கட்டம், சிவப்பு அம்புக்குறி என்று எல்லா இடத்திலும் போட்டால் நாலாவது ஸ்லைடிலேயே அது செத்துப்போகும்.

அடுத்தது எழுத்து. இந்த வேலையில் அதிகமாகத் தவறுவது இங்கேதான். படத்தில் ஒரு நிறத்துக்கு எந்தக் கடமையும் கிடையாது. நாற்று பச்சையாக இருந்தால் போதும். ஸ்லைடிலும் இணையதளத்திலும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒன்று பின்னணி, ஒன்று எழுத்து, ஒன்று பொத்தான். எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் போதிய அளவு விலகி நிற்காவிட்டால், எவ்வளவு அழகான ஜோடியானாலும் படிக்க முடியாது.

அந்த விலகலை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. இணையத்தின் தர விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, பார்வைக் குறைபாடு உள்ளவர்களையும் மனதில் வைத்து இதை விதியாக்கியிருக்கிறது. இரண்டு நிறங்களின் ஒளிர்வை ஒப்பிட்டு 1 முதல் 21 வரை ஒரு விகிதம் தருவார்கள். ஒரே நிறம் இரண்டு என்றால் 1, கறுப்பும் வெள்ளையும் என்றால் 21. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், தலைப்பு மாதிரியான பெரிய எழுத்துக்கு 3 போதும். கணக்கை நாம் போட வேண்டியதில்லை. `WebAIM Contrast Checker` போன்ற தளங்களில் இரண்டு குறியீடுகளைக் கொடுத்தால் விடை வந்துவிடும்.

எங்கள் ஐந்தையும் இந்தத் தராசில் போட்டோம். தோப்பின் கரும்பச்சையை வானத்தின் வெளிர் நிறத்தில் எழுதினால் 9.3, அருமை, பத்தி எழுத்துக்கு இதுவே போதும். சேலைச் சிவப்பு வானத்தின் மேல் 5.2, அதுவும் தேறியது. நாற்றுப் பச்சையைப் பொத்தானாக்கி அதன் மேல் வெள்ளையில் எழுதலாம் என்றுதான் நண்பர் முதலில் ஆசைப்பட்டார். அது 2.9. பெரிய எழுத்துக்குக்கூடத் தேறவில்லை. சேற்று நிறத்தில் சின்னக் குறிப்புகளை வானத்தின் மேல் எழுதினால் 3.3, தலைப்புக்கு ஆகும், குறிப்புக்கு ஆகாது. தோப்புப் பச்சையின் மேல் சேலைச் சிவப்பு 1.8-தான். படத்தில் எவ்வளவு எடுப்பாக இருந்த ஜோடி! எழுத்தாக்கினால் படிக்கவே வராது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், ஐரோப்பிய வம்சாவளி ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே, நூற்றுக்குச் சுமார் எட்டுப் பேர். அவர்களுக்கு அந்த எழுத்து அங்கே இருப்பதே தெரியாமல் போகலாம்.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ன, ண இரண்டையும் பிரிப்பது ஒரு சுழி. சின்ன எழுத்தில் அந்தச் சுழிக்குள் இருக்கிற வெற்றிடம் மிகக் குறுகல். நிறம் மங்கலாக இருந்தால் முதலில் அடைபடுவது அதுதான். 4.5 என்பது விதியின் குறைந்தபட்சம். தமிழ்ப் பத்தி எழுத்துக்கு 7-க்குக் கீழே போவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன்.

தேறாத நிறங்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நிறத்தை வேறு விதமாகவும் எழுதலாம்: எந்த நிறம், எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிச்சம். நாற்றுப் பச்சையை அப்படி எழுதினால் `hsl(81, 48%, 43%)`. முதல் இரண்டையும் தொடாமல் கடைசி எண்ணை மட்டும் 43-லிருந்து 30-க்கு இறக்கினோம். கிடைத்தது `#587128`. பார்த்தால் அதே நாற்று, கொஞ்சம் முற்றிய பயிர். அதன் மேல் வெள்ளை எழுத்து 5.5. சேற்றையும் இப்படியே இறக்கி `#6B5C4A` ஆக்கினோம்; வானத்தின் மேல் அது 5.2-க்கு ஏறியது. அசல் இளம்பச்சையைத் தூக்கி எறியவில்லை. எழுத்து தாங்க வேண்டாத இடங்களில், அதாவது ஓரப்பட்டையிலும் வரைபடத்தின் கம்பங்களிலும் அதற்கு வேலை கொடுத்தோம். படத்திலிருந்து வருவது நிறத்தின் இனம். வெளிச்சத்தின் அளவை இறக்கி ஏற்றுகிற உரிமை நமக்கு உண்டு.

இனி ஸ்லைடு. ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒவ்வொரு கட்டத்தையும் ஐட்ராப்பரால் தொட்டுத் தொட்டு நிறம் ஏற்றுவது பலருக்கும் பழக்கம். நாற்பது ஸ்லைடு முடிந்த பிறகு "பச்சையைக் கொஞ்சம் குறைக்கலாமா?" என்று யாராவது கேட்டால் உயிர் போய்விடும். பவர்பாயின்ட்டில் நிறங்களைத் தீமில் ஏற்றிவிட வேண்டும். `Design` பட்டியில் `Variants` பக்கத்தில் இருக்கிற சின்ன அம்புக்குறியைத் திறந்து `Colors`, அதற்குள் `Customize Colors`. அங்கே பன்னிரண்டு இடங்கள் இருக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நான்கு, `Accent 1` முதல் `Accent 6` வரை ஆறு, இணைப்புகளுக்கு இரண்டு. இங்கே ஒரு முறை மாற்றினால், தீம் நிறத்தைப் பயன்படுத்திய அத்தனை ஸ்லைடும் சேர்ந்து மாறும். கூகுள் ஸ்லைட்ஸில் இதே வேலைக்கு `View` பட்டியில் `Theme builder`.

எந்த இடத்தில் எதை வைப்பது என்பதும் ஒரு முடிவு. இருண்ட எழுத்துக்கான `Dark 1`-இல் தோப்புப் பச்சை. `Light 1` வெள்ளை. `Dark 2`-இல் இருட்டாக்கிய சேறு, `Light 2`-இல் வானம். ஆறு அழுத்த நிறங்களில் சிவப்பைத்தான் முதலில் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். பவர்பாயின்ட்டில் ஒரு வரைபடத்தைச் செருகினால் அது முதல் வரிசைக்கு `Accent 1`-ஐ எடுக்கும், அடுத்ததற்கு `Accent 2`. சிவப்பு முதலில் இருந்தால், விற்பனை பற்றிய முதல் வரைபடமே முழுக்கச் சிவப்புக் கம்பங்களாக எழுந்து நிற்கும். நாங்கள் முற்றிய பச்சையை முதலிலும், இளம்பச்சையை இரண்டாவதாகவும் வைத்தோம். அசல் சேறு மூன்றாவது. சிவப்பு கடைசி `Accent 6`-இல். நாமாகத் தேடிப்போய் எடுத்தால்தான் வரும் என்பது அதற்குச் சரியான இடம்.

திரையில் நன்றாக இருந்தது அரங்கில் மாறும். புரொஜெக்டருக்குக் கறுப்பு என்று ஒரு நிறம் கிடையாது. அது ஒளி பாய்ச்சாத இடம்தான் கறுப்பு. விளக்கு எரிகிற அரங்கில் அந்தக் கறுப்பு சாம்பலாகிவிடும், எல்லா விகிதங்களும் ஒரு படி சுருங்கும். கரும்பச்சைப் பின்னணியில் வெளிர் எழுத்து என்று ஆசையாகச் செய்த ஸ்லைடு, பகல் நேரக் கண்காட்சி அரங்கில் பாசி படிந்த சுவர்போல் ஆகிவிடும். அதனால் வெளிர்ப் பின்னணியையே வைத்தோம். இன்னொன்றும் கவனித்தோம். வானத்தின் நிறத்துக்கும் தூய வெள்ளைக்கும் இடையில் விகிதம் 1.2-தான். மடிக்கணினியில் அழகாகத் தெரிந்த வெள்ளைக் கட்டங்கள் சுவரில் பின்னணியோடு கரைந்து மறைந்துவிட்டன. அவற்றுக்குச் சேற்று நிறத்தில் மெல்லிய கோடு போட வேண்டியிருந்தது. முடிந்தால் பேசப்போகும் அரங்கிலேயே ஒரு ஸ்லைடைப் போட்டுப் பார்த்து, கடைசி வரிசையில் போய் நின்று படித்துவிடுங்கள்.

முகப்பு ஸ்லைடில் அந்தப் படத்தையே வைத்து, அதன் மேல் தலைப்பு எழுதினோம். படத்தின் மேல் நேராக எழுதினால், ஓர் எழுத்து வானத்தில் விழும், அடுத்தது தோப்பில் விழும். எந்த நிறத்தில் எழுதினாலும் பாதி மறையும். தோப்புப் பச்சையில் ஒரு பட்டையைப் போட்டு, கொஞ்சமாக மட்டும் ஒளி ஊடுருவ விட்டு, அதன் மேல் வானத்தின் நிறத்தில் எழுத்தை வைத்தோம். பட்டையும் படத்தின் நிறமே என்பதால் ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை.

இணையதளத்துக்கும் அடிப்படை இதுவேதான். நிறங்களை ஓரிடத்தில் எழுதிவைத்து, மற்ற இடங்களில் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் அது இப்படி இருக்கும்:

```css
:root {
  --bg: #E4E9E6;
  --text: #24401F;
  --note: #6B5C4A;
  --button: #587128;
  --highlight: #B3263A;
}
.order { background: var(--button); color: #FFFFFF; }
```

பெயர்களைப் பாருங்கள். பச்சை, சிவப்பு என்று வைக்கவில்லை. பின்னணி, எழுத்து, பொத்தான் என்று வேலையின் பெயரை வைத்திருக்கிறோம். அறுவடைக் காலத்தில் நண்பர் பொன்னிற வயலைப் படமெடுத்துவந்து தளத்தை மாற்றச் சொன்னால், இந்த ஐந்து வரிகளை மட்டும் மாற்றினால் போதும். `--green` என்று பெயர் வைத்திருந்தால், அதற்குள் மஞ்சள் உட்கார்ந்து அடுத்து வருகிறவரைக் குழப்பும்.

படத்தில் இல்லாத தேவைகள் தளத்தில் முளைக்கும். வாங்குபவர் தொலைபேசி எண்ணைத் தவறாக அடித்தால் எச்சரிக்கை காட்ட வேண்டும். அதற்கு எல்லோரும் எதிர்பார்ப்பது சிவப்பு. எங்கள் சிவப்போ ஏற்கெனவே புது வரவு அரிசியைச் சுட்டிக்காட்டும் வேலையில் இருந்தது. ஒரே நிறம் ஒரு பக்கத்தில் "இதைப் பாருங்கள்" என்றும் அடுத்த பக்கத்தில் "தப்பு" என்றும் சொன்னால் வாங்குபவர் தயங்குவார். நண்பருக்கு மனசில்லைதான், இருந்தாலும் ஆர்டர் படிவம் இருக்கும் பக்கத்தில் சிவப்பை அலங்காரத்துக்கு எங்கேயும் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தோம். அங்கே அது பிழையைச் சொல்ல மட்டும். கூடவே ஒரு குறியும் சொற்களும் இருக்கும்.

கடைசியாகத் தளத்தின் ஒரு பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பார்த்தோம். எந்த வேலையையும் ஒப்படைக்கும் முன் நான் செய்கிற சோதனை இது. விலைப் பட்டியலில் தள்ளுபடி விலையைச் சேலைச் சிவப்பிலும், பழைய விலையை இருட்டாக்கிய சேற்றிலும் போட்டிருந்தோம். தாளில் இரண்டும் துளி வித்தியாசம் இல்லாத ஒரே சாம்பல். முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டும்: வானத்தின் மேல் இரண்டுக்கும் கிடைத்தது அதே 5.2. நிறம் வேறாக இருந்தும் ஒளிர்வு ஒன்றேதான். நிறத்தைப் பிரித்தறிய முடியாதவருக்கும், வெயிலில் நின்று மங்கிய செல்போன் திரையைப் பார்ப்பவருக்கும் அந்தப் பட்டியலில் எது புது விலை என்று புரிந்திருக்காது. பழைய விலையின் குறுக்கே ஒரு கோடு போட்டோம், புது விலையைத் தடித்த எழுத்தாக்கினோம். நிறங்களை மாற்றவில்லை.